பொருளியல் கடலுக்குப் போனது

"இன்னும் வரல்ல ராத்தா" என்று தம்பி றிம்சான் சொன்னபோது நான் ஓர் அபாயாவின் கைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை முழுவதும் அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. வாசற்படியில் இருந்துகொண்டு, கிண்டில் என்ற அந்த வாசிப்புக் கருவியை ஒரு கையிலும் தொலைபேசியை மறு கையிலும் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தொலைபேசியில் இருந்த பொருளியல் நோட்ஸை முந்திய நாளிலிருந்தே கருவிக்கு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தான். அனுப்பியது போய்விட்டது என்று தொலைபேசி சொன்னது. கருவியில் எதுவும் இல்லை.

அடுத்த நாள் மாலை ஒலுவில் துறைமுகத்திலிருந்து அவனுடைய படகு ஆழ்கடலுக்குப் புறப்பட இருந்தது. போனால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கரை மறைந்ததும் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. திரும்பி வரும் கிழமையில்தான் பரீட்சை. பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளியிலிருந்து எழுதும் வெளிவாரிப் பட்டத்தில் அவனுக்கு மிச்சமாக நின்றது பொருளியல் ஒன்றுதான். அவனுடைய பதிவுக்காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த முறையும் விட்டால், இத்தனை காலம் எழுதித் தேறிய மற்றப் பாடங்களும் வீண். ஆகவே அந்த நோட்ஸ் படகு புறப்படுவதற்கு முன்னால் கருவிக்குள் இருந்தாக வேண்டும்.

றிம்சானைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னால் சொந்தத் தம்பி என்பதால் சொல்கிறேன் என்பார்கள். சொல்லட்டும். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்தான், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. இன்னொரு முறை எழுதலாம் என்று இருந்தபோது வாப்பாவின் கால் படகின் ஐஸ் பெட்டிக்கடியில் நசுங்கியது. வாப்பாவின் இடத்துக்கு இவன் கடலுக்குப் போனான். போனவன் புத்தகத்தையும் கொண்டு போனான். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் காட்ஸ் விளையாடுவார்கள், தூங்குவார்கள். இவன் வாசிப்பான். படகில் உள்ளவர்கள் இவனுக்குப் பேராசிரியர் என்ற கணக்கில் 'புறபசர்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் பட்டம் என்று ஒன்று வந்தால் இவனால்தான் வர வேண்டும்.

ஆனால் கடல் புத்தகத்துக்கு ஏற்ற இடமல்ல. போன முறை அச்சடித்த நோட்ஸைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அது ஒரே கட்டியாக ஒட்டிப் போய், மீன் வாடையோடு, பிரித்தால் கிழிகிற மாதிரி இருந்தது. தொலைபேசியில் வாசிக்கலாம் என்றால் வெயிலில் திரை தெரியாது, அரை நாளில் சார்ஜ் இறங்கிவிடும். இதைக் கேள்விப்பட்டுத்தான் கத்தாரில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்யும் என் கணவர் ஜெமீல், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிலிப்பீன்காரனிடமிருந்து இந்தக் கருவியை வாங்கி, தன்னுடைய பேரில் பதிந்து அனுப்பியிருந்தார். வெயிலில் கடதாசி மாதிரித் தெரியும், ஒருமுறை சார்ஜ் போட்டால் கிழமைக்கணக்கில் நிற்கும். தண்ணீர் படாமல் வைத்தால் போதும். திரையின் மேலே 'ஜெமீலின் கிண்டில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. அவருடைய பேரில் இருந்ததால், யார் அனுப்பினால் ஏற்கலாம் என்பதை அவருடைய கணக்கில்தான் எழுத வேண்டுமாம். அந்த அனுமதிப் பட்டியலில் இல்லாதவர் அனுப்பினால் கருவி வாங்காது. றிம்சான் இதைத் தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்தபோது நான் உடனே கத்தாருக்கு அழைத்தேன்.

"இஞ்சேருங்க, உங்களுக்கு அந்தக் கம்பெனியால ஏதும் மின்னஞ்சல் வந்ததா?"

"வந்திச்சி. நேத்துலேர்ந்து வந்துக்கிட்டே இரிக்கி. ஆரோ கள்ளன். ஆவணம் ஒண்டு வந்திருக்கி, உறுதிப்படுத்துங்க எண்டு போட்டிருக்கான். எங்கட றூம்ல ஒருத்தருக்கு இப்பிடி வந்துதான் பேங்க் காசெல்லாம் போன. நான் எல்லாத்தயும் அழிச்சிட்டன்."

"அல்லாஹ்வே! அது தம்பி அனுப்பினது."

"தம்பி அனுப்பினதெண்டா தம்பிட பேரல்லவா இரிக்கணும்? இங்கிலீசில பத்து வரி இரிந்திச்சி."

றிம்சான் தொலைபேசியை வாங்கி, மரியாதையாக, "மச்சான், கணக்குக்குள்ள போய் அனுமதிப் பட்டியல்ல என்ட மின்னஞ்சல் விலாசத்தப் போடுங்க" என்று விளங்கப்படுத்தினான். அவர் வேலைக்கு இடையில் வெளியே வந்து செய்தார். பாஸ்வேட் மறந்து, புதியது எடுத்து, உள்ளே போய், போட்டுவிட்டேன் என்றார். றிம்சான் மீண்டும் அனுப்பினான். பகல் சாப்பாடு ஆறிப்போனது. வரவில்லை.

அவர் எதைப் போட்டார் என்று திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். படத்தில் பார்த்தால் கருவிக்கென்று உள்ள விலாசத்தை அந்தப் பட்டியலில் எழுதியிருந்தார். கருவி தனக்குத் தானே அனுப்ப அனுமதி கிடைத்திருந்தது.

"மச்சான், அது அதிட விலாசம். என்ட விலாசம் வேணும்."

"நீதானே அந்த விலாசத்த அனுப்பின!"

"அது நான் எங்க அனுப்புறனெண்டு காட்டின, மச்சான்."

"ரெண்டு பேரும் ஒருக்கா சரியாக் கதைங்களன்" என்று அவர் கத்தினார். பின்னால் சலவை இயந்திரம் உறுமியது.

பட்டியல் சரியானதும் கருவி உடனே வாங்கிக்கொண்டது. றிம்சான் ஓடி வந்து காட்டினான். நோட்ஸ் வந்திருந்தது. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் என் உள்ளங்கை அளவுத் திரைக்குள் அடைந்து கிடந்தது. எழுத்து எறும்பு வரிசை மாதிரி. பீடிஎஃப் கோப்பு என்றால் பெரிய தாளுக்கு அடித்ததை அப்படியே படம் மாதிரிக் காட்டுமாம். எழுத்தை மட்டும் பெருப்பிக்க முடியாது. இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பித்தால் அரை வரிதான் தெரியும். வரியின் முடிவுக்கு ஒருமுறை தள்ள வேண்டும், அடுத்த வரிக்குத் திரும்பவும் இழுக்க வேண்டும். வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தே எனக்குத் தலை சுற்றியது. ஆடுகிற படகில், உப்புக் கையோடு எப்படி?

"ஒரு மாதிரிச் சமாளிப்பன்" என்றான்.

"சமாளிச்சித்தான் போன முறை ஃபெயில் விட்ட. எழும்பு, டவுனுக்குப் போவம்."

கல்முனை பஸார் வீதியில் கிருஷாந்தன் என்ற பாண்டிருப்புப் பிள்ளை கணினிக் கடை வைத்திருக்கிறான். நான் அபாயா அளவுச் சீட்டுகள் அச்சடிப்பது அவனிடம்தான். அமைதியான பிள்ளை. கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் அக்கா, மச்சாண்ட பேரக் கழட்டிப்போட்டு றிம்சான் நாநாட பேரில புதுசாப் பதிஞ்சா இவ்வளவு கஷ்டம் இல்லத்தானே?" என்று கேட்டான்.

நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மச்சான் அன்பளிப்பாகத் தந்த சாமானில் மச்சானின் பேரையே அழிப்பதா? அவர் அடுத்த முறை வீட்டுக்கு வந்து அதைக் கையில் எடுத்தால் என்ன நினைப்பார்?

"அது சரி வராது தம்பி. வேற வழி சொல்லுங்க" என்றேன்.

"அப்ப மின்னஞ்சல்ல தலைப்பு எழுதுற இடத்தில 'கன்வேட்' எண்டு இங்கிலீசில ஒரு சொல்லுப் போட்டு அனுப்புங்க நாநா. அது பக்கத்த உடைச்சி, எழுத்த மட்டும் எடுத்துத் தரும். பிறகு வேண்டிய மாதிரிப் பெருப்பிக்கலாம்."

அனுப்பினான். கடையின் வைஃபையில் கொஞ்ச நேரத்தில் வந்தது. திறந்தான். எழுத்து பெரிதாக, திரை நிறைய, வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சதுர அடைப்புகளும் கலந்து, பூனை தட்டச்சில் நடந்த மாதிரி.

"இதென்ன சீன பாசையா?" என்றான் றிம்சான்.

"வாற வழியில பழுதாயிரிக்கும். கேபிள்ல போட்டுப் பாப்பம்" என்றான் கிருஷாந்தன்.

றிம்சான் கொண்டு வந்திருந்த கேபிளை அவன் கணினியில் குத்தினான். சார்ஜ் ஏறுகிற அடையாளம் வந்தது, ஆனால் கணினியில் கருவி தெரியவில்லை. கணினியை மறுபடி தொடக்கினான். வேறு துளையில் குத்தினான். கருவி பழுதோ என்று நாங்கள் பயந்துபோனோம். கடைசியில் பார்த்தால் அது சார்ஜுக்கு மட்டும் உள்ள கேபிளாம், உள்ளே தகவல் போகிற கம்பியே இல்லையாம். அவனுடைய மேசை லாச்சியில் சுருண்டு கிடந்த இன்னொரு கேபிளைப் போட்டதும் தெரிந்தது.

பிறகு அவன் நோட்ஸை ஒரு மென்பொருளில் போட்டு 'இபப்' என்ற புத்தக வடிவமாக்கி, கருவியின் ஆவணக் கோப்புறைக்குள் போட்டுவிட்டுக் கேபிளைக் கழற்றினான். கருவியின் பட்டியலில் அது வரவே இல்லை. உள்ளே இருக்கிறது, காட்டவில்லை. கிருஷாந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்த வடிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் கம்பெனி தன்னுடைய வடிவத்துக்கு மாற்றித் தரும், கேபிளில் நேரே போட்டால் கருவி கண்டுகொள்ளாதாம். கருவியின் சொந்த வடிவத்துக்கு மாற்றி மறுபடி போட்டான். இந்த முறை பட்டியலில் வந்தது. திறந்தால் அதே பூனை.

"இப்பதான் விளங்கிற்று" என்றான் கிருஷாந்தன். அவனுடைய குரலில் அலுப்பு இருந்தது. "இது பாமினி எழுத்துருவில அடிச்ச நோட்ஸ். பாமினியில உள்ளுக்குக் கிடக்கிறது இங்கிலீஷ் எழுத்துத்தான். மேல தமிழ்ச் சட்டை போட்டிருக்கு. பீடிஎஃப்ல சட்டை சேந்தே வாறதால தமிழாத் தெரியுது. எழுத்த மட்டும் பிரிச்சா சட்டை கழண்டு போகும். மின்னஞ்சலோ கேபிளோ, எதில கொண்டு போனாலும் இதுதான் நடக்கும்."

"அப்ப என்ன செய்ற?"

"அடிச்ச ஆளிட்ட மூலக் கோப்பு இரிக்கும். அத யூனிகோட்டுக்கு மாத்தணும். அப்ப உண்மையான தமிழெழுத்து. எந்தக் கருவியிலயும் தெரியும்."

போன உடனே இதைச் சொல்லியிருந்தால் அந்த மாலை முழுவதும் மிச்சம். ஆனால் அவனையும் குறை சொல்ல முடியாது. பீடிஎஃப்பைப் பார்த்தால் தமிழ் தமிழாகத்தானே இருந்தது.

பாடம் சொல்லிக் கொடுக்கும் சேர்மாருக்கெல்லாம் நோட்ஸ் அடித்துக் கொடுப்பவள் றுஸ்தா. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருக்கிறாள். கலியாண அழைப்பிதழிலிருந்து பள்ளிவாசல் அறிவித்தல் வரை அவளுடைய விரலால் வந்ததுதான். அடுத்த நாள் காலையில் நாங்கள் போனபோது அவள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"பாமினியிலயா அடிச்ச?" என்று நான் கேட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பாமினியில அடிக்காம வேற எதில அடிக்கிற ராத்தா? இந்த ஊரில ஆர் கேட்டாலும் பாமினிதான். பிரிண்ட் எடுத்தா முத்து முத்தா இரிக்கும்."

"இந்த முத்து கடலுக்கல்லவா போகுது, புள்ள."

"நோட்ஸ் கடலுக்குப் போகுமெண்டு சேர் சொல்லல்லயே" என்றாள். ஆனாலும் நல்ல பிள்ளை. உடனே கோப்பைத் தேடி எடுத்தாள். மாற்றித் தரும் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வோர் அத்தியாயமாக வெட்டி ஒட்டி, பொத்தானை அழுத்தினாள். இந்தப் பக்கம் பூனை நடந்தது, அந்தப் பக்கம் தமிழ் வந்தது. றிம்சான் அல்ஹம்துலில்லாஹ் என்றான்.

நான்தான் அந்தத் தமிழை வாசித்துப் பார்த்தேன். வாங்குகிறவர்களின் தேவையைக் குறிக்கும் 'கேள்வி' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வாயில் நுழையாத ஏதோ எழுத்து. விற்க வரும் அளவைக் குறிக்கும் 'நிரம்பல்' என்பதற்குப் பின்னாலும் அப்படி. எங்கே கலைச்சொல் வந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் உளறல். நோட்ஸ் எழுதிய பொருளியல் சேர் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலம் கொடுத்திருந்தார். மாற்றும் பக்கத்துக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது.

"உட்டுங்க ராத்தா, நான் அதுகளப் பாஞ்சு வாசிப்பன்" என்றான் றிம்சான்.

"பாய்வாய், பாய்வாய். மூணு கிழம இதையே பாத்துட்டு, பரீட்சையிலயும் இதையே எழுதிட்டு வருவாய்."

றுஸ்தா யோசித்துவிட்டு வழி சொன்னாள். ஆங்கிலத்தை அவள் வேறோர் எழுத்துருவில் அடித்திருந்தாள். மூலக் கோப்பில் அந்த எழுத்துருவில் உள்ளதை எல்லாம் தேடி ஒரேயடியாக நீக்கலாம். றிம்சான் தமிழில்தான் எழுதப் போகிறான், ஆங்கிலச் சொல் இல்லாவிட்டால் குற்றமில்லை. நீக்கினாள். பிறகு மாற்றினாள். உளறல் எல்லாம் போய்விட்டது. அது இருந்த இடங்களில் வெறும் அடைப்புக்குறிகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"இதையும் எடுக்கலாமே" என்றேன்.

"ராத்தா, எனக்குப் பன்ரெண்டு மணிக்கு ஐஸ் ஏத்தணும்" என்றான் அவன்.

வளைகோடுகளும் அட்டவணைகளும் இந்த வழியில் வராது என்பதால், அவற்றுக்குப் பழைய பீடிஎஃப்பையும் கருவியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கருவியைக் குறுக்காகத் திருப்பினால் படங்கள் ஓரளவு தெரிந்தன. றுஸ்தா புதிய கோப்பை வேர்ட் கோப்பாக என் தொலைபேசிக்கு அனுப்பினாள், நான் அவனுக்கு அனுப்பினேன், அவன் கருவிக்கு அனுப்பினான். வந்தது. திறந்தான். தமிழ். பெருப்பித்தால் பெருத்தது, சிறுப்பித்தால் சிறுத்தது, வரி தானாக மடிந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. கருவியை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, துணிப் பையில் போட்டுக் கொடுத்தேன். ஆட்டோவில் ஒலுவிலுக்குப் போய்விட்டான்.

நான் தையலுக்கு இருந்தேன். ஆனால் அந்த வெறும் அடைப்புக்குறிகள் மனதை விட்டுப் போகவில்லை. எத்தனை இடத்தில்தான் இருக்கின்றன என்று பார்க்க என் தொலைபேசியில் இருந்த கோப்பைத் திறந்தேன். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரி: 'பொருளின் விலை ரூபாவிலிருந்து ரூபாவாக அதிகரிக்கும்போது கேள்வி அலகிலிருந்து அலகாகக் குறைகிறது.'

எத்தனை ரூபாவிலிருந்து? எத்தனை அலகாக?

அடுத்த வரியிலும் எண் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. 'எனவே நெகிழ்ச்சி = ' என்று எழுதி, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பொருளியல் எனக்குத் தெரியாது. ஆனால் அளவு இல்லாத தையல் சீட்டு எப்படி இருக்கும் என்று தெரியும்.

றுஸ்தாவிடம் ஓடினேன். அவள் மூலத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். கணக்கு வரும் அத்தியாயங்களில் எண்களையும் அந்த ஆங்கில எழுத்துருவில்தான் அடித்திருந்தாள். அந்த எழுத்துருவில் உள்ளதை எல்லாம் நீக்கச் சொன்னோம். கணினி சொன்னதைச் செய்தது. பொருளியலில் இருந்து எண் எல்லாம் போய்விட்டது.

"யா அல்லாஹ், போன முறை ஃபெயில் விட்டதும் இந்தக் கணக்கிலதானே ராத்தா?"

"அதத்தானே சொல்றன்! திருத்து, திருத்து."

நல்லவேளை, அவள் கோப்பை மூடியிருக்கவில்லை. செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுத்தாள். பிறகு அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடி நீக்கினாள், எண்கள் அப்படியே நின்றன. மறுபடி ஒவ்வோர் அத்தியாயமாக மாற்றினாள். இம்முறை நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கணக்கையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். அதற்கிடையில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"நான் நேர அனுப்பிடுறன்" என்று றுஸ்தா மின்னஞ்சலைத் திறந்தாள்.

"நீ அனுப்பினா வாங்காது. தம்பிட விலாசம் மட்டும்தான் பட்டியல்ல."

"அப்ப ஜெமீல் நாநாட்டச் சொல்லி என்ட விலாசத்தயும்..."

"வேணாம் தாயே!" என்றேன். கத்தாருக்கு இன்னொரு முறை விளங்கப்படுத்த எனக்கு உயிர் இல்லை. கோப்பை றிம்சானின் தொலைபேசிக்கே அனுப்பிவிட்டு அவனுக்கு அழைத்தேன். பின்னால் இயந்திரச் சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டன.

"ராத்தா, கயிறு கழட்டப் போறாங்க."

"கழட்டச் சொல்லாத. அந்த நோட்ஸ்ல எண் ஒண்டும் இல்ல. புதுசு அனுப்பியிரிக்கன். அதக் கருவிக்கு அனுப்பு."

"எண் இல்லயா? என்ன ராத்தா சொல்றீங்க?"

"கேள்வி கேக்காம அனுப்பு! போன்ல ஹொட்ஸ்பொட் போடு, கருவிய அதோட சேரு."

"போட்டன், போட்டன்."

யாரோ 'புறபசர், உங்கட பட்டமளிப்பு விழா முடிஞ்சா நங்கூரத்த எடுக்கலாமா?' என்று கத்துவது கேட்டது. சிரிப்பு கேட்டது. காத்திருந்தேன். றுஸ்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்திட்டு ராத்தா! பட்டியல்ல பேர் இரிக்கி. வைக்கட்டா?"

"நில்லு. பேர் இரிந்தாப் போதாது. தட்டித் திற. திறந்தாத்தான் உள்ளுக்கு இறங்கும். கடல்ல போய்த் தட்டினா சுத்திக்கிட்டே இரிக்கும்." முந்திய நாள் கடையில் கிருஷாந்தன் சொன்னது அது. பேர் தெரிவது மேலே கம்பெனியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம், கருவிக்குள் வந்துவிட்டது என்பதற்கு அல்ல.

"இறங்குது... இறங்குது... திறந்திட்டு."

"ரெண்டும் ஒரே பேரில இரிக்கும். பழையதில போய் நிக்காத. ஆறாம் அத்தியாயத்த எடுத்து, விலை கூடுற வரிய வாசி."

"ராத்தா, எல்லாரும் பாத்துட்டு நிக்காங்க."

"வாசிடா!"

இயந்திரம் உறுமியது. அதற்கு மேலால் என் தம்பி பாடசாலைப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தான். "பொருளின் விலை இருபது ரூபாவிலிருந்து இருபத்தைந்து ரூபாவாக அதிகரிக்கும்போது, கேள்வி நூறு அலகிலிருந்து எண்பது அலகாகக் குறைகிறது..."

"சரி. இப்ப எண் இல்லாத பழையத அழி. பிறகு போ, பிஸ்மி சொல்லிட்டு."

அதன் பிறகு மூன்று கிழமை ஒரு செய்தியும் இல்லை. இருக்கவும் முடியாது. ஜெமீல் மட்டும் ஒரு நாள் அழைத்து, கம்பெனியிலிருந்து இப்போது மின்னஞ்சல் ஒன்றும் வருவதில்லை, கள்ளன் பயந்துவிட்டான் போல என்றார்.

றிம்சான் கறுத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தான். கருவியின் மூலையில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. சார்ஜ் இன்னும் மிச்சம் இருந்தது. கேட்காமலே சொன்னான், நோட்ஸை முழுதாக மூன்று முறை வாசித்தானாம். கணக்கு விளங்காத இடத்தில் படகோட்டியிடம் மீன் விலையை வைத்துக் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டானாம். வெறும் அடைப்புக்குறி வரும் இடமெல்லாம் மற்றவர்கள் 'உள்ளுக்கு என்ன மீன் புறபசர்?' என்று கேட்பார்களாம்.

பரீட்சைக்கு முந்திய நாள் சேரிடம் சந்தேகம் கேட்கப் போனான். நானும் அந்தப் பக்கம் துணி எடுக்கப் போனதால் கூடப் போனேன். சேர், "நாப்பத்திரண்டாம் பக்கத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இவன் விழித்தான். கருவியில் இவனுக்குப் பக்கம் கிடையாது, நூற்றுக்கு எத்தனை வீதம் வாசித்தாய் என்றுதான் காட்டும்.

"சேர், அது அம்பத்தாறு வீதத்திலயா இரிக்கி?"

"என்ன வீதம்? இது வட்டிக் கணக்கில்ல றிம்சான், நெகிழ்ச்சி!"

வெளியே வந்தபோது எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அவன் கரையில்தான் இருந்தான். யாரோ தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். திறந்தால் அதுவும் பீடிஎஃப். பெரிய தாளில் நூற்றுக்கணக்கான பரீட்சைச் சுட்டெண்கள் எறும்பு வரிசையாக. இரண்டு விரலால் இழுத்தான், அரை வரி தெரிந்தது. தள்ளினான், வரி ஓடிவிட்டது. திரும்ப இழுத்தான். விரல் வழுக்கிக் கடைசிப் பக்கத்துக்கே போய்விட்டது.

"கொண்டா இஞ்ச" என்று தொலைபேசியை வாங்கினேன். "உன்ட நம்பரச் சொல்லு."

சொன்னான். அந்த வரியைப் பிடித்து, நகராமல் ஒரு விரலால் அமர்த்திக்கொண்டு, மறு விரலால் மெல்ல மெல்ல வலது பக்கம் தள்ளிப் போனேன். சுட்டெண், பாடம், அதற்கு அப்பால் ஒரேயோர் ஆங்கில எழுத்து. முடிந்த மட்டும் பெருப்பித்தேன். திரை நிறைய அது நின்றது.

"ஸீ" என்றான் றிம்சான்.

"ஸீ எண்டா?"

"பாஸ் ராத்தா."

உள்ளே போய்க் கத்தாருக்கு அழைத்தேன். விசயத்தைச் சொன்னேன். ஜெமீல் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, பெறுபேற்றைத் தனக்கும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்.

"அனுப்புறன்" என்றேன். "ஆனா அழிச்சிடாதீங்க."